பையர் "தொழிற்சாலையைப் பார்க்க வருகிறோம்" என்று மெயில் போட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருதமுனைப் பக்கம் ஒரு கைத்தறிப் பட்டறையில் எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் மெயில்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. கொட்டிலுக்குள் 24 தறி, பின்னால் சாயம் போடும் இடம், பக்கத்தில் தையலும் பொதியலும் நடக்கும் ஒரு மண்டபம். இதற்கு வெளியே வீட்டில் தறி வைத்து எங்களுக்கு நெய்து தரும் குடும்பங்களும் உண்டு. மேசைத் துணி, துவாய், சாரன் துணி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுமதிக்குப் போகிறோம். கல்முனை, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று பல பக்கத்திலிருந்தும் தெரிந்தவர்கள் இந்த மெயில்களைக் கொண்டுவந்து காட்டிக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். தையல் பட்டறைக்காரருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

மெயில் ஒரு பக்க நீளம் இருக்கு. முதல் எதைப் பார்க்கிறது?

வருகிறவர்களின் பெயரும் பதவியும் இருக்கும் வரியை. எல்லோரும் திகதியைத்தான் முதலில் பார்த்துப் பதறுகிறார்கள், ஆனால் எதற்காக வருகிறார்கள் என்பதை மெயிலின் இனிமையான முதல் பந்தி சொல்லாது, ஆட்களின் பதவி சொல்லிவிடும்.

எங்களுக்கு 2025 பெப்ரவரியில் வந்த ஒரு மெயிலின் சாரத்தைத் தமிழில் தருகிறேன், கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு இதுதான் உதாரணம்:

"அடுத்த ஓடரை உறுதிப்படுத்துவதற்கு முன் மார்ச் 13, 14 ஆம் திகதிகளில் உங்கள் இடத்துக்கு வர விரும்புகிறோம். பார்க்கப்போவது: தர நடைமுறை, உற்பத்தித் திறன், சாயமிடல், தொழிலாளர் நிலைமை. எங்கள் ஓடரில் வேலை நடக்கும் எல்லா இடங்களும் இதில் அடங்கும். வருபவர்கள்: எங்கள் தர முகாமையாளர், கொழும்பு முகவர் அலுவலகத்தின் மேர்ச்சன்டைசர், வெளி ஆடிட் கம்பனி ஒன்றின் ஆடிட்டர். இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி ஏழு நாளுக்குள் அனுப்பவும்."

மேர்ச்சன்டைசர் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் விலையும் டெலிவரியும் பேசும் விஜயம், தேநீர் குடித்து, தறியைப் பார்த்து, இரண்டு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். தர முகாமையாளர் வந்தால் துணியைத் தொட்டுப் பார்ப்பார், நூல் எந்த லொட்டில் வந்தது, எந்தச் சாயத் தொட்டியில் போட்டது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார். வெளி ஆடிட் கம்பனியின் ஆள் வந்தால் சம்பளப் புத்தகம், வரவுப் பதிவு, வயதுச் சான்று, தீயணைக்கும் கருவியின் திகதி, இதெல்லாம். எங்களுக்கு வந்த மெயிலில் மூன்று பேரும் இருந்தார்கள். அதாவது "விஜயம்" என்று எழுதப்பட்டிருந்தாலும் வந்தது மூன்று தனித்தனி வேலை.

அதன் பிறகு நாட்களையும் இடங்களையும் இதோடு பொருத்திப் பாருங்கள். ஆடிட்டர் ஒருவர், நாள் இரண்டு, இடம் "எல்லாம்" என்றால் கணக்கு இடிக்கிறது இல்லையா? அந்த இடிக்கிற இடத்தைத்தான் பதில் மெயிலில் கேட்க வேண்டும்.

"எங்கள் ஓடரில் வேலை நடக்கும் எல்லா இடங்களும்" என்று போட்டிருக்காங்க. வீட்டுத் தறியையும் சொல்லணுமா?

சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

மேலே தந்த மெயிலுக்கு முந்தி, முதல் தடவை ஆடிட் வந்தபோது நாங்கள் சொல்லாமல் விட்டோம், அந்த மெயிலிலும் இந்த வரி தெளிவாகவே இருந்தது. படிவத்தில் "வெளியாருக்குக் கொடுக்கும் வேலை" என்ற கட்டத்தில் "இல்லை" என்று நிரப்பினேன். நிரப்பியது நான்தான், முதலாளி நானா சொல்லித்தான் என்றாலும் என் கைதான். நினைப்பு இதுதான்: வீட்டில் நெய்கிறவர்கள் எல்லாம் சொந்தபந்தம், அவர்களைப் போய் "துணை ஒப்பந்தக்காரர்" என்று யார் எழுதுவது, எழுதினால் ஆயிரம் கேள்வி வரும்.

வந்த ஆடிட்டர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் வளவை விட்டு வெளியேறவும் இல்லை. காலையில் தறிகளை எண்ணிக்கொண்டு போனவர் பிறகு நெசவாளர் இரண்டு பேரிடம் ஒரு நாளைக்கு எத்தனை மீற்றர் நெய்வீர்கள் என்று சும்மா பேச்சுப்போலக் கேட்டிருக்கிறார், ஆறு மீற்றர் என்று அவர்களும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பின்னேரம் போனில் கணக்குப் போட்டார். 24 தறி, தறிக்கு 6 மீற்றர், மாதத்தில் 25 வேலைநாள், ஆக 3,600 மீற்றர். பிறகு அந்த மாதம் அதே பையருக்குப் போன இன்வொய்ஸை எடுத்து வைத்தார். 5,400 மீற்றர். "மீதி 1,800 மீற்றர் எங்கே நெய்தது?" என்று கேட்டார், குரல் கூட உயரவில்லை. எங்களிடம் பதில் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் தொட்டி உடைந்திருந்தது, அதை மன்னித்துவிட்டார்கள், திருத்த ஒரு மாதம் தந்தார்கள். தறிக் கணக்கை மன்னிக்கவில்லை. அறிவிக்காமல் வெளியே வேலை கொடுப்பது பையர்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஓடரையே நிறுத்தக்கூடிய பிழை, ஏனென்றால் தாங்கள் பார்த்திராத இடத்தில் யார், என்ன வயதில், என்ன கூலிக்குச் செய்தார்கள் என்று அவர்களால் தங்கள் நாட்டில் பதில் சொல்ல முடியாது. அந்த ஓடர் போய்விட்டது. அவர்கள் திரும்பி வர ஒன்றரை வருடம் எடுத்தது.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், வீட்டு நெசவாளருக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டிலுள்ள தறி எண்ணிக்கை, எந்தத் திகதியில் எத்தனை கிலோ நூல் கொடுத்தோம், எத்தனை மீற்றர் துணி திரும்பி வந்தது, மீற்றருக்கு என்ன கூலி, வாங்கியதற்குக் கையெழுத்து. நூலும் துணியும் நிறையில் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், கழிவு கொஞ்சம் போகும். கொப்பி ஒன்று போதும், கணினி தேவையில்லை, ஆனால் அன்றன்றைக்கு எழுத வேண்டும். ஆடிட்டுக்கு முதல்நாள் ஒரே பேனையால் ஒரே மூச்சில் எழுதிய பதிவேடு பார்த்தாலே தெரியும். எல்லாப் பக்கத்திலும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரு மடிப்போ தேநீர்க் கறையோ இருக்காது.

வீட்டில பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து நூல் சுத்திக் குடுக்கிறது வழமை. அதையும் பிழை என்பாங்களா?

என்பார்கள், அதுவும் மிகக் கடுமையான வகையில். இலங்கையில் வேலைக்குச் சேர்க்கும் குறைந்தபட்ச வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. உம்மாவுக்குப் பிள்ளை கைகொடுப்பதை நாங்கள் ஒரு மாதிரிப் பார்ப்போம், கூலிக்குப் போகும் நூலை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுற்றிக்கொண்டிருப்பதை ஆடிட்டர் வேறு மாதிரித்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். இதில் எனக்கும் வீட்டு நெசவாளர் சிலருக்கும் வாக்குவாதமே நடந்திருக்கிறது. நாங்கள் கண்ட வழி, நூல் சுற்றும் வேலையைப் பட்டறைக்குள் எடுத்துவிட்டு, சுற்றிய நூலாகவே வீட்டுக்குக் கொடுப்பது. அதற்குச் சம்பளத்துக்கு இரண்டு பேர் வைக்க வேண்டி வந்தது, செலவுதான். ஆனால் வீட்டில் பிள்ளை தொடுவதற்கு வேலை மிஞ்சவில்லை.

அவங்க சொன்ன திகதி எங்களுக்கு ஒத்துவராது. மாத்தச் சொன்னால் ஓடர் போயிடுமா?

காரணம் சொல்லி, மாற்றுத் திகதியையும் நீங்களே கொடுத்தால் போகாது. "அந்த நாட்களில் கஷ்டம்" என்று மட்டும் எழுதினால் எதையோ மறைக்க நேரம் கேட்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மேலே இருக்கும் மெயிலைப் பாருங்கள். 2025 மார்ச் 13 வியாழன் போயா, விடுமுறை. 14 வெள்ளி, ஜும்மாவுக்கு ஆண்கள் எல்லோரும் போய்விடுவார்கள், மத்தியானம் தறிகள் சும்மா நிற்கும். இரண்டும் நோன்பு மாதத்துக்குள், அந்த மாதம் நாங்கள் வேலை நேரத்தையே மாற்றி வைத்திருப்போம். வெளிநாட்டில் இருந்து நாட்காட்டி பார்க்கிறவருக்கு இது ஒன்றும் தெரியாது, கொழும்பு முகவருக்குப் போயா தெரியும், எங்கள் நோன்பு நேரம் தெரியாது. ஓடாத தறியைப் பார்க்க ஆடிட்டருக்குக் காசு கட்டுவது அவர்களுக்கும் நட்டம் என்பதை அப்படியே எழுதினேன். பெருநாளும் முடிந்து, சித்திரைப் புத்தாண்டுக்கு முன் விழும் ஏப்ரல் 8, 9, செவ்வாய், புதன் என்று மாற்றுத் திகதி கொடுத்தேன். அது இயலாவிட்டால் 22, 23. முதலாவதை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரைக்கும் யாராவது வருகிறோம் என்றால் மழையைப் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அந்தக் காலத்தில் வெள்ளம் வந்தால் பாதை மூடும். அதை விடச் சாயம் போட்ட நூல் காய மூன்று நாள் எடுக்கும், காயாத நூலில் நெய்த துணி நிறை கூடிக் காட்டும், தர முகாமையாளர் அதைத் தராசில் போட்டுவிட்டு ஜி.எஸ்.எம். கூட இருக்கிறதே என்பார்.

பயண நேரத்தையும் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்தால் ஏழெட்டு மணித்தியாலம் போய்விடும், "முதல்நாள் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம்" என்று மெயிலில் எழுதியிருந்தால் அவர்கள் முந்தின இரவே மட்டக்களப்பில் தங்க வேண்டும். ஒரு தடவை பாசிக்குடாவில் ஹோட்டல் போட்டுவிட்டு, மட்டக்களப்பு மாவட்டம்தானே, பக்கம்தானே என்று நினைத்திருக்கிறார்கள். காலையில் எங்களிடம் வந்து சேரப் பத்தே முக்கால். அந்த ஒன்றே முக்கால் மணித்தியாலம் கடைசியில் எங்கள் தலையில்தான் விழுந்தது, சாயக் கொட்டிலைப் பார்க்க நேரம் போதாமல் அது "பார்க்கப்படவில்லை" என்று அறிக்கையில் போனது, அதற்காக இன்னொரு தடவை வந்தார்கள்.

ஒரு நாள் என்று சொல்லாமல் "இந்த மூன்று கிழமைக்குள் வருவோம்" என்று எழுதியிருக்காங்க?

பாதி அறிவித்த ஆடிட். தொழிலாளர் நிலைமை பார்க்கும் ஸ்மெட்டா மாதிரியான ஆடிட்களில் அறிவித்து வருவது, ஒரு கால இடைவெளியை மட்டும் சொல்லி வருவது, சொல்லாமலே வருவது என்று மூன்று வகையும் உண்டு. இதற்கு "எந்த நாள்?" என்று திருப்பிக் கேட்காதீர்கள். அந்த இடைவெளிக்குள் பட்டறை மூடியிருக்கும் நாட்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். அப்புறம் வாசலில் இருக்கும் காவல்காரருக்குச் சொல்லி வையுங்கள், வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடச் சொல்லி. முதலாளி வரும்வரை அரை மணித்தியாலம் வாசலில் நிற்க வைத்தால் அனுமதி மறுப்பு என்று எழுதிவிடுவார்கள்.

வாற ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது. எங்கட வேலையாட்களோட எப்படிப் பேசுவாங்க?

இதை மெயிலிலேயே கேட்டு முடிக்க வேண்டும், வந்த பிறகு கேட்டால் தீராது. தொழிலாளர் நிலைமை பார்க்கும் ஆடிட்டில் ஆட்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுவது முக்கியமான பகுதி, அந்த அறையில் முதலாளியோ மேற்பார்வையாளரோ இருக்கக் கூடாது. ஆடிட்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்து, மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தப் பேச்சுக்கே மதிப்பில்லை. எங்கள் பெண்கள் வேறு, தெரியாத ஆம்பிளை தனியறையில் கேள்வி கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். திறக்காவிட்டால் "சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று சந்தேகம் வரும்.

நான் எழுதும் வரி இப்படித்தான் இருக்கும்: "எங்கள் தொழிலாளர் எல்லோரும் தமிழ் பேசுபவர்கள், பெரும்பான்மை பெண்கள். தமிழ் பேசும் ஆடிட்டரையோ, எங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத தமிழ் மொழிபெயர்ப்பாளரையோ, இயன்றால் பெண் ஒருவரை, அனுப்பும்படி கேட்கிறோம்." ஏப்ரலில் ஒரு பெண்மணி வந்தார். பத்துப் பேரோடு பேசினார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள், ஆடிட்டர் போன பிறகு கேட்பதும் பிழைதான்.

பேசிய பிறகு பதிவேட்டில் ஒரு முரண்பாடு வந்தது. துண்டுக் கூலிக்கு நெய்யும் மூன்று பேருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்கவில்லை. கொட்டிலுக்குள் வந்து வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளமோ மீற்றர் கூலியோ, அது வேறுபாடு இல்லை. ஊழியர் பங்கு 8, தொழில்தருநர் பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. "அவங்களே வேண்டாம் என்றாங்க" என்ற பதிலை ஆடிட்டர் எழுதிக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

மெயிலில வந்தது ஆடிட் இல்ல, கடைசி இன்ஸ்பெக்‌ஷன். சாமான் இன்னும் முடியல்ல, வரச் சொல்லலாமா?

வரச் சொல்லாதீர்கள். கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பொதுவாக உற்பத்தி முழுக்க முடிந்து, குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் கட்டி இருக்க வேண்டும் என்பது வழமை. குறைவாக இருந்தால் பார்க்காமலே திரும்பிப் போவார்கள், திரும்ப வரும் செலவு உங்களுக்கு. இரண்டு நாள் முந்தியே உண்மை நிலவரத்தை எழுதித் திகதியைத் தள்ளுவது மலிவு.

எப்படி எண்ணுவார்கள் என்பதும் மெயிலில் இருக்கும், எவ்வளவு பிழை வரை ஏற்பார்கள் என்பதற்கு ஏ.கியூ.எல். 2.5, 4.0 என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள், முதலாவது பெரிய பிழைக்கு, இரண்டாவது சின்னப் பிழைக்கு. ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற தரத்தின் அட்டவணை இது. 1,500 துவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண இரண்டாம் நிலைப்படி 125 எடுப்பார்கள். அதில் பெரிய பிழை 7 வரை சரி, 8 ஆனால் முழு லொட்டும் தோல்வி. சின்னப் பிழை 10 வரை சரி, 11 ஆனால் தோல்வி. ஊசி முறிந்து துணிக்குள் கிடப்பது மாதிரி ஆபத்தான பிழைக்கு ஒன்று கூட விடமாட்டார்கள்.

கைத்தறிக்காரருக்கு வரும் சிக்கல் எண்ணில் இல்லை, எது பெரிய பிழை என்பதில்தான். ஊடை நூல் ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருப்பது கைத்தறியின் இயல்பு, மில் துணி பார்த்துப் பழகியவர் அதைப் பிழை என்று பெட்டி பெட்டியாக ஒதுக்குவார். இதற்கு வாயால் வாதாடி வென்ற யாரையும் நான் கண்டதில்லை. ஓடர் எடுக்கும்போதே இரண்டு துண்டு துணியில், ஏற்றுக்கொள்ளக்கூடிய தடிப்பு இது, கூடாதது இது என்று இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் மெயிலுக்குப் பதில் போடும்போது "ஒப்புக்கொண்ட மாதிரித் துணியை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள், அது ஏதோ ஒரு அலுமாரியில் கிடக்கும்.

சாயமிடல் என்று ஸ்கோப்பில இருக்கு, என்ன காட்டணும்?

இரண்டு விஷயம். ஒன்று, சாயத்தில் என்ன இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகிற துணியில் சில அசோ சாயங்கள் உடைந்து வரும் தடைசெய்த அமீன்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாயம் விற்றவரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருங்கள், டப்பாவில் இருக்கும் லொட் இலக்கமும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். புறக்கோட்டையில் சில்லறையாகப் பொலித்தீன் பையில் கட்டி வாங்கிய சாயத்துக்கு யாரும் சான்றிதழ் தரப்போவதில்லை, அதை ஏற்றுமதி ஓடரில் தொடவே வேண்டாம்.

மற்றது, சாயத் தண்ணீர் எங்கே போகிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கேட்பார்கள், காலாவதித் திகதியைப் பாருங்கள். எங்கள் ஊரில் கடலும் ஆறும் பக்கத்திலேயே இருக்கிற படியால் வாய்க்காலில் விட்டால் நிறம் எல்லோர் கண்ணிலும் படும், தர முகாமையாளர் வாகனத்தில் வந்து இறங்கும்போதே பார்த்துக்கொண்டு வருவார்.

வாறவங்களுக்குச் சாப்பாடு, ஆளுக்கொரு சாரன் குடுக்கலாம்தானே?

சாப்பாடு கொடுங்கள், எல்லோரும் சாப்பிடும் சாப்பாட்டையே. சாரன் வேண்டாம். வெளி ஆடிட்டர்களுக்கு அவர்கள் கம்பனி விதிப்படி அன்பளிப்பு வாங்க முடியாது, நீங்கள் நீட்டினால் அதை எழுதியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது ஒரு மாதிரித்தான் இருக்கும், பரவாயில்லை, மேர்ச்சன்டைசர் பிறகொரு நாள் தனியாக வருவார், அவருக்குச் சாம்பிள் என்று கொடுங்கள்.

புரியாணி ஏற்பாட்டுக்காக முதலாளி அரை நாள் சமையல்காரரோடு நின்றதால் சம்பளப் புத்தகம் எங்கே என்று கேட்டபோது சாவி அவர் பொக்கட்டில் இருந்த கதையும் எங்களிடம் உண்டு.

பதில் மெயில் எப்படி எழுதுறது? இங்கிலீஸ் அவ்வளவு வராது.

நீளமாக எழுதாதீர்கள், வருகைக்கு நன்றி, பெருமை என்று பந்தி பந்தியாகப் போவதில் பயன் இல்லை. நான் ஏப்ரல் விஜயத்துக்கு அனுப்பியதன் சாரம் இது, கணினியில் மொழிபெயர்த்தால் கூடப் போதும்:

"மெயில் கிடைத்தது. மார்ச் 13 இலங்கையில் பொது விடுமுறை, 14 வெள்ளி மத்தியானம் தறிகள் நிற்கும், இரண்டும் நோன்பு மாதத்துக்குள். ஏப்ரல் 8, 9 அல்லது 22, 23 இல் முழு உற்பத்தியைப் பார்க்கலாம். உங்கள் ஓடரில் வேலை நடக்கும் இடங்கள்: பட்டறையில் 24 தறி; அதே வளவில் சாயக் கொட்டிலும் தையல் மண்டபமும்; மூன்று கிலோமீற்றருக்குள் ஒன்பது வீடுகளில் வீட்டுத் தறி 11, பெயர்ப் பட்டியல் இணைப்பில். ஒன்பது வீட்டுக்கும் போகப்போகிறீர்களா, மாதிரிக்குச் சில வீடுகளுக்கா? எல்லாம் என்றால் ஒரு ஆடிட்டருக்கு இரண்டு நாள் போதாது. ஆடிட்டர் பயன்படுத்தப்போகும் கேள்விப் பட்டியலின் பெயரையும் பதிப்பையும் தெரிவிக்கவும். ஆடிட் கட்டணம் யாருடையது, மறு ஆடிட் என்றால் யாருடையது? வருபவர்களின் பெயர், பதவி, கம்பனி, மொழி. படம் எடுப்பதாயின் எங்கள் மற்ற பையர்களின் துணியைத் தவிர்க்கவும்."

வீட்டுத் தறியைப் பற்றிக் கேட்டதற்கு மூன்று வீடு போதும், எந்த மூன்று என்று அன்று காலையில் நாங்களே தெரிவுசெய்வோம் என்று பதில் வந்தது. அப்படித்தான் செய்தார்கள்.

கட்டணக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். சில பையர் தானே கட்டுவார், சிலர் முதல் ஆடிட்டைக் கட்டிவிட்டு மறு ஆடிட்டை உங்கள் தலையில் வைப்பார், மெயிலில் இதை எழுதவே மாட்டார்கள்.

வெளிநாட்டு ஆளுக்கு அழைப்புக் கடிதம் கேட்கிறாங்க, ஆடிட் பீஸும் முதல் கட்டச் சொல்றாங்க. உண்மையா?

அழைப்புக் கடிதம் கேட்பது வழமையான விஷயம், வியாபார நோக்கத்தில் வருகிறவர் சுற்றுலா என்று போட்டு வரக் கூடாது. ஆனால் ஒரு ஓடரும் செய்யாத, சாம்பிள் கூடக் கேட்காத ஒரு "பையர்" முதல் மெயிலிலேயே ஐந்து பேருக்கு அழைப்புக் கடிதம் கேட்டால் அவருக்கு வேண்டியது துணி இல்லை, விசா. அனுப்பியவரின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பொய் மெயில் என்றால் கம்பனியின் பெயரில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும், அல்லது gmail.com என்று முடியும். ஆடிட் கட்டணத்தை ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். உண்மையான ஆடிட் கம்பனி இன்வொய்ஸ் அனுப்பும், கணக்கும் கம்பனி பெயரில் இருக்கும்.

சந்தேகம் என்றால் அந்த மெயிலில் இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். பையரின் இணையத்தளத்தில் இருக்கும் பொது இலக்கத்துக்கு எடுத்து, மெயிலில் இருக்கும் பெயரைச் சொல்லி, அப்படி ஒருவர் தர முகாமையாளராக இருக்கிறாரா என்று கேளுங்கள். நான் இரண்டு தடவை எடுத்தேன். ஒரு தடவை இருந்தார், அவருக்கே லைனைக் கொடுத்தார்கள், என்ன பேசுவதென்று தெரியாமல் மழை எப்படி என்று கேட்டு வைத்தேன்.